வார்டு சிஸ்டர் எழுதிக் கொடுத்த கடிதம்



போன மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் கணக்கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு அக்கா தன் மஞ்சப்பையில் இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து ஊக்குநரிடம் நீட்டினார். "இதை எனக்கு ஒருதரம் நிதானமாப் படிச்சுக் காட்டு தாயி. ஆஸ்பத்திரி வார்டுல சிஸ்டர் எழுதிக் குடுத்தது. எம்மவன் கடகடன்னு படிச்சான், மடிச்சு வச்சிட்டான். ஒண்ணும் மனசுல நிக்கல" என்றார்.

ஊக்குநர் படிக்கப் படிக்க, கூட்டத்தில் இருந்த பதினாறு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அதில் ஆறு பேர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதில் மூன்று பேர் 'சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்'. அந்தத் தாளை எல்லாக் குழுக்களுக்கும் போடலாமா என்று அக்காவிடம் கேட்டோம். "பேரு மட்டும் வேண்டாம், மத்தது போடுங்க" என்றார். ஊர், ஆஸ்பத்திரி பெயரையும் விட்டுவிட்டு இங்கே தருகிறோம். கடிதத்துக்கு முன்னால் நடந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதுதான் சிஸ்டர் எதற்கு எதை எழுதினார் என்று புரியும்.

அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. மூன்று வருடமாகப் பிரஷர் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தார். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வெளியூர் போனபோது கையில் ஒரு மாதத்து மாத்திரைதான் இருந்தது. அது தீர்ந்தது. அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பச்சைப்பிள்ளை, இரவு விழிப்பு, வேலை. "உடம்புக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருந்தேன்" என்கிறார். நாலு மாதம் கழித்து ஊருக்கு வந்த பிறகும் மாத்திரையைத் தொடரவில்லை. நடுவில் முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் ஒன்று போட்டு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை பின்மண்டையில் வலி ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தார். செவ்வாய்க்கிழமை பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்தார். புதன்கிழமை காலை இரண்டு தரம் வாந்தி. கண்ணுக்கு முன்னால் பனிமூட்டம் போல இருந்தது. அன்று மத்தியானம் அவர் மருமகளிடம், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேனா?" என்று கேட்டார். காட்டியாச்சு என்றதும் சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டார். நாலாவது தரம் கேட்டபோதுதான் மருமகளுக்குப் பயம் வந்து 108-க்குப் போன் செய்தது. அந்தப் பெண்ணை நாம் பாராட்டியே ஆக வேண்டும். தலைவலியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, வாந்தியைப் பார்த்தும் பயப்படவில்லை. பேச்சு மாறியதை அந்தப் பெண் கவனித்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் பிரஷர் 224/132. உடனே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நல்ல வேளை, ரத்தக்கசிவு இல்லை. கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்ததில் கண் நரம்பு வீங்கியிருந்தது. பிரஷர் மூளையைத் தாக்கியிருக்கிறது என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, ஊசி மருந்தைப் பம்பு மூலம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது வார்டு சிஸ்டர் கையில் கொடுத்த கடிதம் இது.

"அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்குக் காலையில் உங்களை வீட்டுக்கு அனுப்புறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் எல்லாம் எழுதியிருக்காங்க. ஆனா அது இங்கிலீஷ்ல இருக்கு, அடுத்த டாக்டர் பார்க்கிறதுக்காக எழுதினது. இது உங்களுக்காக. வீட்டில் படிக்கத் தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்லி, நீங்களும் உங்க மருமகளும் சேர்ந்து கேளுங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா இது மறுபடி வந்தா, அதைக் கண்டுபிடிக்கிற நிலைமையில் நீங்க இருக்க மாட்டீங்க. போன தரமும் நீங்களா கண்டுபிடிக்கல.

முதல்ல உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றோம். பிரஷர் அதிகமா இருக்கிறது வேற, பிரஷர் உறுப்பைத் தாக்குறது வேற. ஊரில் நிறைய பேருக்கு 160, 170 இருக்கும், நடமாடிக்கிட்டு இருப்பாங்க. அதையும் குறைக்கத்தான் வேணும், ஆனா நாள் கணக்கில் மாத்திரையால் மெதுவா குறைக்கலாம். உங்களுக்கு அப்படி இல்ல. அழுத்தம் தாங்காம மூளைக்குள்ள நீர் கோத்து வீக்கம் வந்திடுச்சு. அதனாலதான் தலைவலி, வாந்தி, கண் மங்கல், கேட்டதையே கேட்டது எல்லாம். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், நினைவு தப்பியிருக்கலாம். மூளையை மாதிரியே இதயம், கிட்னி, கண் இதுகளையும் பிரஷர் தாக்கலாம். அப்படித் தாக்கும்போது அது அவசரம். மணிக்கணக்கில் பார்க்கவேண்டிய விஷயம்.

முதல் நாள் ராத்திரி உங்க வீட்டுக்காரர் எங்க மேல கோபப்பட்டார். 'ஒரு மணி நேரமாச்சு, இன்னும் 170 காட்டுது, ஏன் 120-க்குக் கொண்டு வரமாட்டேங்கிறீங்க?'ன்னு சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பில்ல. அப்போ பதில் சொல்ல நேரமில்ல, இப்போ சொல்றோம். நாங்க வேணும்னேதான் 170-ல் நிறுத்தினோம். பல மாசமா அதிக அழுத்தத்தில் பழகின மூளை ரத்தக்குழாய் இறுகிப்போய் இருக்கும். வாய்க்கால்ல தண்ணியைத் திடீர்னு குறைச்சா தலைமடைக்குப் பாயும், கடைமடை காயும் இல்லையா? அதுபோல பிரஷரை ஒரேயடியா இறக்கினா மூளையின் கடைசிப் பகுதிக்கு ரத்தம் போகாம பக்கவாதம் வந்திடும். அதனால முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல குறைக்கிறதில்ல. அப்புறம் 160/100 அளவுக்குச் சில மணி நேரம், அதுக்கப்புறம் ஓரிரு நாளில் மெதுவா. இன்னைக்கு உங்களுக்கு 148/92. இது 140/90-க்குக் கீழே வரணும். அது வீட்டில் இருந்து, மாத்திரையால் சில வாரத்தில் வரும்.

இதை எதுக்கு இவ்வளவு விளக்கமா எழுதுறோம்னா, நீங்களும் வீட்டில் இந்தத் தப்பைச் செய்யக்கூடாது. தலை வலிக்குது, பிரஷர் ஏறியிருக்கும்னு நினைச்சு ரெண்டு மாத்திரையா போடாதீங்க. பிரஷர் உடனே இறங்கணும்னு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கச் சொல்லி யாராவது குடுத்தா வாங்காதீங்க. முன்னெல்லாம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, அதில் பிரஷர் கண்டபடி சரிஞ்சு போனவங்க உண்டு.

இப்போ எந்த அறிகுறிக்கு ஓடி வரணும்னு சொல்றோம். கீழே எழுதியிருக்கிறதில் ஒண்ணு வந்தாலும் போதும். எல்லாம் சேர்ந்து வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். பிரஷர் பார்க்கிற மிஷினைத் தேடவும் வேண்டாம். எண் எவ்வளவா இருந்தாலும் 108-க்குப் போன் போட்டுக் கிளம்பிடுங்க.

ஒண்ணு, உங்களுக்கு வந்த அதே தலைவலி. சாதாரணத் தலைவலி எல்லாருக்கும் வரும், போகும். நாங்க சொல்றது மண்டை பிளக்கிற மாதிரி வலி. அதோட வாந்தி, இல்ல கண் மங்கல், இல்ல பேச்சில் குழப்பம் சேர்ந்து வந்தா அது ஆபத்து. வாழ்நாளில் இப்படி வலிச்சதே இல்லைங்கிற மாதிரி திடீர்னு ஒரு நொடியில் வலி அடிச்சா, அது தனியா வந்தாலும் ஆபத்துதான். மண்டைக்குள் ரத்தக்கசிவா இருக்கலாம்.

ரெண்டு, குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு. மருமகளே, இது உனக்கு. அத்தை கேட்டதையே கேட்டாலும், நாள் கிழமை தெரியாம பேசினாலும், மத்தியானம் எழுப்பினா எழுந்திரிக்காம கிடந்தாலும், 'களைப்பா இருக்கும், தூங்கட்டும்'னு விடாதே. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை. சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்காதே, வாயில் எதையும் வைக்காதே. நினைவு சரியில்லாதவங்களுக்குத் தண்ணி, ஜூஸ், மாத்திரை எதுவும் வாயில் ஊத்தக்கூடாது. புரை ஏறி நுரையீரலுக்குப் போயிடும்.

மூணு, பக்கவாதம். வாய் ஒருபக்கம் கோணுது, ஒரு கை ஒரு கால் இழுக்குது, மரத்துப் போகுது, பேச்சு குழறுது. சந்தேகமா இருந்தா சிரிக்கச் சொல்லிப் பாரு, ரெண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லிப் பாரு, ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பாரு. ஒண்ணு தப்பினாலும் கிளம்பிடு. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு கடிகாரம் பார்த்து மனசுல வச்சுக்கோ. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும். எங்களுக்கு முதல் கேள்வியே அந்த நேரம்தான். கொஞ்ச நேரத்தில் தானா சரியாயிட்டாலும் அன்னைக்கே வரணும், அடுத்தது பெருசா வரலாம்.

நாலு, நெஞ்சும் மூச்சும். நெஞ்சில் பாரம் வச்ச மாதிரி வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, வலியோட வேர்த்துக் கொட்டுறது. பொம்பளைங்களுக்குச் சில சமயம் நெஞ்சுவலி தெளிவா தெரியாம, மேல் வயித்து வலியா, மூச்சு முட்டலா, காரணமில்லாத அசதியா வரலாம். வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சிட்டுக் காத்திருக்காதீங்க. அதேபோல மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தா தேவலைன்னு இருந்தா நுரையீரல்ல நீர் சேருதுன்னு அர்த்தம். அவங்களைப் படுக்க வைக்காம உட்கார வச்சே கூட்டிக்கிட்டு வரணும். நெஞ்சையோ முதுகையோ கிழிக்கிற மாதிரி திடீர் வலியும் இதே கணக்குதான்.

அஞ்சு, கண். திடீர்னு பார்வை மங்கினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ, வயசாயிடுச்சு கண்ணாடி போடணும்னு நினைக்காதீங்க. வயசால மங்குறது மாசக்கணக்கில் மங்கும். ஒரே நாளில் மங்காது.

கிட்னி பத்தி ஒரு வார்த்தை. நாள் முழுக்க மூத்திரம் ரொம்பக் குறைஞ்சா, மூத்திரம் ரத்தமா, டீத்தண்ணி நிறத்தில் போனா, முகம் வீங்கினா அன்னைக்கே வந்து காட்டுங்க.

இதுவரைக்கும் சொன்னதுக்கு எண் தேவையில்ல. இனி எண்ணைப் பத்தி. ஊரில் யாராவது பிரஷர் பார்த்து 180/120 அல்லது அதுக்கு மேல இருக்குன்னு சொன்னா, முதல்ல மேல சொன்ன அறிகுறி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா 108. இல்லைன்னா பயப்படாதீங்க. முதுகைச் சாய்ச்சு, கால் ரெண்டையும் தரையில் ஊன்றி, பேசாம அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்து மறுபடி பாருங்க. மூத்திரம் வந்தா போயிட்டு வந்து பாருங்க. பஸ்ஸுக்கு ஓடி வந்தவுடனே, காப்பி குடிச்ச கையோட, சண்டை போட்ட சூட்டோட பார்த்தா எண் தப்பா ஏறித்தான் காட்டும். ரெண்டாவது தரமும் அதே மாதிரி இருந்தா அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பாருங்க. அன்னைக்கு மாத்திரை போடலைன்னா அந்த ஒரு வேளை மாத்திரையை மட்டும் போட்டுக்கலாம். கூடுதலா வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. புது மாத்திரையால பிரஷர் தேவைக்கு மேல இறங்கினா படுக்கையில் இருந்து எழும்போது கண் இருட்டும், தலை சுத்தும். காலையில் எழும்போது ஒரு நிமிஷம் கட்டில்லேயே உட்கார்ந்துட்டு எழுந்திரிங்க. தினமும் அப்படி இருந்தா வந்து சொல்லுங்க, அளவை மாத்துவோம். வாந்தி பேதி வந்து ஒண்ணும் உள்ளே தங்கலைன்னா, மாத்திரை போடலாமா வேண்டாமான்னு அன்னைக்கே கேட்டுக்கோங்க.

உங்களுக்கு ரெண்டு மாத்திரை எழுதியிருக்கு. காலையில் அம்லோடிபின். இதில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது கிட்னி கெட்டுப்போனதால வர்ற வீக்கம்னு நினைச்சு நிறுத்திடாதீங்க, வந்து காட்டினா மாத்தித் தருவாங்க. ராத்திரி எனாலாப்ரில். இதில் சிலருக்கு வறட்டு இருமல் விடாம வரும், அப்படி வந்தா சொல்லணும். ரொம்ப அபூர்வமா உதடும் நாக்கும் வீங்கும். வீங்கினா அடுத்த மாத்திரை போடாம 108-ல் ஓடி வரணும், தொண்டை அடைச்சிடும். இந்த மாத்திரை ஆரம்பிச்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் உப்பும் பார்க்கணும். வர்ற வாரம் வரச் சொல்லியிருக்கிறது அதுக்குத்தான். உடம்பு நல்லா இருக்குன்னு வராம இருந்துடாதீங்க.

ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போட்டுக்கோங்க. அடுத்த வேளை நெருங்கிட்டா மறந்ததை விட்டுடுங்க, ரெண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். வலி மாத்திரையை நிறுத்திடுங்க. நீங்க காட்டின அட்டையில் இருந்தது டைக்ளோஃபினாக். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும், போதாததுக்கு பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடாது. முழங்காலுக்கு என்ன போடலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க, கடையில் கேட்காதீங்க.

அக்கா, நீங்க 'நல்லாத்தானே இருந்தேன்'னு ஆறு நாளில் அறுபது தரம் சொல்லிட்டீங்க. அதுதான் இந்த வியாதி. பிரஷர் ஏறுறது உடம்புக்குத் தெரியாது. தெரியுற அன்னைக்கு நீங்க எங்க வார்டுல இருப்பீங்க. மாத்திரை தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அட்டையை எண்ணிப் பாருங்க. மகள் வீட்டுக்குப் போறதா இருந்தா சீட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் அந்த மாத்திரையைப் பார்த்துக் கொடுப்பாங்க.

இப்படிக்கு,
உங்க வார்டு சிஸ்டர்கள்."

கடிதம் இவ்வளவுதான். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்தில் 'உப்பு!' என்று ஒரு வார்த்தை மட்டும் கோடு போட்டு எழுதியிருந்தது. இடம் இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறோம். அந்தக் குறையை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் வீட்டில் குழம்பில் போடும் உப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், வடகம் இவற்றில் இருப்பது தெரிவதில்லை. பழைய சோற்றுக்கு ஒரு கல் உப்பும் ஊறுகாயும் வைத்தாலே அன்றைய கணக்கில் ஒரு பங்கு போய்விடும். வீட்டில் ஒருவருக்காகத் தனியாகச் சமைக்க முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். தனியாக எதற்கு? எல்லோருக்கும் குறைத்துப் போட்டால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

படித்து முடித்ததும் குழுவில் கேள்விகள் வந்தன. ஒரு தங்கச்சி, "அந்த அக்கா மாத்திரையும் எங்க மாமியார் மாத்திரையும் ஒரே நிறம்தான். தீர்ந்துபோனா மாத்தி வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். ஊரில் இது சகஜமாக நடக்கிறது, நமக்கும் தெரியும். நிறம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறாக இருக்கும். மருந்து ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும். முக்கியமாக, எனாலாப்ரில் மாத்திரையை வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் சாப்பிடவே கூடாது, குழந்தையின் கிட்னியைப் பாதிக்கும். மாமியார் மாத்திரையை மருமகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கர்ப்பிணிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தில் உள்ள 180/120 கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவருக்கும் 140/90 வந்தாலே அன்றே நர்ஸிடம் காட்ட வேண்டும். 160/110 வந்தால் அதுவே அவசரம். விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் வலி, திடீரென்று முகம் கை வீங்குவது, இவை எண் குறைவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு உரியவை. அடுத்தது வலிப்பாக இருக்கும்.

அடுத்த கேள்வி பணத்தைப் பற்றி. அக்காவைக் கூட்டிப் போன அன்று வீட்டில் கையில் நூறு ரூபாய்கூட இல்லை. அதற்காக வீட்டுக்காரர் முதலில் கடன் கேட்க இரண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அந்த முக்கால் மணி நேரம் வீணாய்ப் போனது. 108 வண்டிக்குக் காசு கிடையாது, அரசு ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. முதலில் கிளம்ப வேண்டும். பிறகுதான் கடன். இந்தக் குழு இப்போது அவசரக் கடனாக 2,000 ரூபாயைக் கூட்டம் கூடாமலேயே ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. மற்ற குழுக்களும் யோசிக்கலாம்.

மாத்திரை நின்றுபோனது எப்படி என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் நம் குழுப் பெண்கள் பலர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். அந்தக் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அவர் கொஞ்சம் சங்கடத்தோடு பேசினார். "ரெண்டு மாசம் வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்துச்சு. ஊருக்குப் போயிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நானும் விட்டுட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம்." அவர் மேல் பழி போட யாருக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த நாலு மாதமும் அக்காவின் சந்தாவை மகன் கொண்டுவந்து கட்டியிருக்கிறான். பதினாறு பேரில் ஒருவர்கூட மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. சந்தா வரவில்லை என்றால் மறுநாளே ஆள் அனுப்பியிருப்போம்.

இப்போது அந்தக் குழுவின் வருகைப் பதிவேட்டில் கடைசிப் பத்தியில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற உறுப்பினர் பெயருக்கு நேராக, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஏழுக்குக் கீழே போனால் அந்த வாரம் வாங்கியாக வேண்டும். வெளியூர் போகிறவர் போகும் முன் சொல்ல வேண்டும்.

அக்கா சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். கிரியேட்டினின் ஏறவில்லை. பிரஷர் 136/86. வறட்டு இருமல் மட்டும் பத்து நாளாக இருந்திருக்கிறது, தூசி என்று நினைத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஊக்குநர் கடிதத்தை மறுபடி ஒருதரம் படித்துக் காட்டிய பிறகுதான், "அட, இது அதுதானா" என்று போய்ச் சொல்லியிருக்கிறார். ராத்திரி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படிச் சுவரில், மருமகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்குகிறது.

கூட்டத்தில் பேச: உங்கள் குழுவில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள்? அவர்கள் வீட்டில் இந்த ஐந்து அறிகுறிகளும் தெரிந்த இன்னொரு ஆள் யார்? கடிதத்தைப் படிக்கும்போது அந்த ஆளையும் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள்.